தங்கத்துக்கும் டங்ஸ்டனுக்கும் ஏன் ஒரே கனம்?

100 கிராம் சுத்தத் தங்கத்தை அளவுக் குவளைத் தண்ணீரில் போட்டால் நீர்மட்டம் ஏறத்தாழ 5.18 மில்லி ஏறும். அதே எடையுள்ள வெள்ளியைப் போட்டால் 9.5 மில்லி, செம்பு என்றால் 11 மில்லிக்கும் மேல். தங்கத்தில் வேறு உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க இது பழைய வழி, நல்ல வழியும்கூட. ஆனால் ஓர் உலோகம் மட்டும் இந்தச் சோதனைக்குள் மாட்டாது. 100 கிராம் டங்ஸ்டனைப் போட்டால் நீர்மட்டம் 5.19 மில்லி ஏறும். வித்தியாசம் நூறில் ஒரு மில்லி. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்து மறைக்கும் மோசடி உலகச் சந்தையில் நடப்பது இதனால்தான்.

திண்மநிலை வேதியியல் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "தங்கம் எஃப்.சி.சி., பொதிவு 74 சதவீதம். டங்ஸ்டன் பி.சி.சி., பொதிவு 68 சதவீதம். நெருக்கமாக அடுக்கியிருக்கிற தங்கம்தானே கனமாக இருக்க வேண்டும்?" எஃப்.சி.சி., பி.சி.சி. என்பவை அணுக்களை அடுக்கும் இரண்டு முறைகள்; பொதிவு என்பது மொத்த இடத்தில் அணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பாடத்தில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடமும் இதுதான். பொதிவுத் திறனையும் அடர்த்தியையும் ஒன்றே என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. அதைப் புரிந்துகொள்ள அலகுக்கூட்டிலிருந்து தொடங்குவோம்.

கோலத்தில் ஒரு கட்டம்

பெரிய புள்ளிக் கோலம் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். வாசல் முழுக்கப் பரவியிருந்தாலும் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். அதையே இடமும் வலமும் மேலும் கீழும் திரும்பத் திரும்பப் போட்டு முழுக் கோலத்தையும் முடித்துவிடலாம். படிகமும் அப்படித்தான். அணுக்கள் ஒரே ஒழுங்கில் மூன்று திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்மத்துக்குப் படிகம் என்று பெயர். எந்தச் சிறு பகுதியை நகர்த்தி நகர்த்தி வைத்தால் முழுப் படிகமும் கிடைக்குமோ, அந்தப் பகுதிதான் அலகுக்கூடு.

'கூடு' என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். படிகத்துக்குள் சுவர் எதுவும் இல்லை. கணக்குப் போடுவதற்காக நாம் மனதில் வரைந்துகொள்ளும் எல்லை அது. கூட்டின் மூலையில் இருக்கும் அணுவுக்கும் நடுவில் இருக்கும் அணுவுக்கும் இயற்கையில் ஒரு வேறுபாடும் கிடையாது. கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்தால் நடு அணு மூலை அணுவாகிவிடும்.

கூடுகளில் பல வடிவங்கள் உண்டு. கனச்சதுரக் கூடுகளில் மூன்று வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எட்டு மூலைகளிலும் மட்டும் அணு இருந்தால் எளிய கனச்சதுரம். மூலைகளோடு கூட்டின் நட்ட நடுவில் ஓர் அணு இருந்தால் பொருள்மைய கனச்சதுரம், வகுப்பில் பி.சி.சி. என்பார்கள். மூலைகளோடு ஆறு முகங்களின் நடுவிலும் அணு இருந்தால் முகப்புமைய கனச்சதுரம், அதாவது எஃப்.சி.சி. முதல் வகை மிக அரிது. சாதாரண அழுத்தத்தில் அப்படி இருக்கும் ஒரே தனிமம் பொலோனியம்.

பொதுச்சுவர் கணக்கு

படத்தைப் பார்த்து எண்ணினால் எஃப்.சி.சி. கூட்டில் 14 அணுக்கள் தெரியும்; எட்டு மூலை, ஆறு முகம். பி.சி.சி. கூட்டில் 9 தெரியும். இரண்டுமே தவறான விடை.

இரண்டு வீடுகளுக்கு நடுவே பொதுச்சுவர் ஒன்று இருந்தால் ஆளுக்குப் பாதி என்றுதான் கணக்கு. முகத்தின் நடுவில் இருக்கும் அணுவும் அப்படியே. அதில் பாதி இந்தக் கூட்டுக்கு, பாதி பக்கத்துக் கூட்டுக்கு. மூலை அணுவைப் பங்கு போட இன்னும் அதிகம் பேர் வருவார்கள். தரையில் பதித்த நான்கு ஓடுகள் ஒரு புள்ளியில் சந்திப்பதைப் பாருங்கள். அதன்மேல் இன்னொரு அடுக்கு வைத்தால் மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டாகும். ஆக, மூலை அணுவில் ஒரு கூட்டுக்கு எட்டில் ஒரு பங்குதான். நடுவில் இருக்கும் அணுவுக்கு மட்டும் பங்காளி இல்லை. முழுதாக அந்தக் கூட்டுக்கே சொந்தம்.

இப்போது எண்ணினால் மூன்று கூட்டிலும் மூலைகள் தரும் பங்கு 8 × ⅛ = 1. எளிய கனச்சதுரத்தில் அவ்வளவுதான். பி.சி.சி.யில் நடு அணுவைச் சேர்த்தால் 2. எஃப்.சி.சி.யில் முகங்கள் தரும் 6 × ½ = 3 ஐச் சேர்த்தால் 4. இந்த எண்ணிக்கையை Z என்று எழுதுவார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கூடு என்பது திரும்பத் திரும்ப வரும் பகுதி, அதற்குச் சொந்தமான அணுக்கள் தங்கத்தில் 4, டங்ஸ்டனில் 2.

எந்தத் திசையில் தொடுகின்றன?

அணுக்களைக் கோலிக்குண்டுகளாக நினைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் எந்தக் கோட்டின் வழியாகத் தொடுகின்றன என்பது கூட்டுக்குக் கூடு மாறும். கணக்கில் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

எளிய கனச்சதுரத்தில் மூலைக் குண்டுகள் விளிம்பின் வழியாகத் தொடும். விளிம்பின் நீளத்தை a என்றும் குண்டின் ஆரத்தை r என்றும் வைத்தால் a = 2r. இது கண்ணுக்கு எளிதாகத் தெரிவதால் மற்ற இரண்டுக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள்.

பி.சி.சி.யில் நடுக்குண்டு உள்ளே நுழைந்ததும் மூலைக் குண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். அவை நடுக்குண்டை மட்டுமே தொடும். ஒரு மூலையிலிருந்து கூட்டின் நடுவே புகுந்து எதிர்மூலைக்குப் போகும் கோட்டில் ஒரு ஆரம், நடுக்குண்டின் இரண்டு ஆரம், அப்புறம் இன்னொரு ஆரம் என்று மொத்தம் 4r இருக்கும். கனச்சதுரத்தில் அந்தக் கோட்டின் நீளம் √3 a. எனவே √3 a = 4r.

எஃப்.சி.சி.யில் மூலைக் குண்டுகள் முகத்தின் நடுவில் இருக்கும் குண்டைத் தொடும். முகத்தின் குறுக்கே போகும் மூலைவிட்டத்தில் அதே 4r. அதன் நீளம் √2 a. எனவே √2 a = 4r.

நம் இரண்டு உலோகங்களுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். தங்கத்தின் விளிம்பு நீளம் 407.8 பிக்கோமீட்டர்; ஒரு பிக்கோமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டரில் 10⁻¹⁰ பங்கு. அப்படியானால் தங்கக் குண்டின் ஆரம் 144.2 பிக்கோமீட்டர். டங்ஸ்டனின் விளிம்பு 316.5, ஆரம் 137.05. டங்ஸ்டன் கூட்டின் விளிம்பில் இரண்டு மூலைக் குண்டுகளுக்கு நடுவே 42 பிக்கோமீட்டர் இடைவெளி கிடக்கிறது. அங்கே a = 2r என்று எழுதியவர்கள் அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் பாய்ச்சி நேரடியாகக் கண்டுபிடிப்பது a ஐத்தான். ஆரம் அதிலிருந்து நாம் வருவித்துக்கொள்வது.

74 எங்கிருந்து வருகிறது, 68 எங்கிருந்து வருகிறது

கூட்டின் மொத்தக் கன அளவில் குண்டுகள் அடைத்துக்கொள்ளும் பங்குக்குப் பொதிவுத் திறன் என்று பெயர். மீதி வெற்றிடம்.

கோலத்தில் நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நேர்ப்புள்ளியில் ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரும். புள்ளிகளுக்குப் பதில் எலுமிச்சம்பழம் வைத்தால், ஊடுபுள்ளி முறையில்தான் பழங்கள் அதிகம் நெருங்கி உட்காரும். ஒரு பழத்தைச் சுற்றி ஆறு பழம் தொட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கைப் பள்ளங்களில் உட்காரவைத்தால் மேலே மூன்று, கீழே மூன்று சேர்ந்து 12 அண்டைப்பழங்கள் ஆகும். ஓர் அணுவைத் தொட்டுக்கொண்டிருக்கும் அணுக்களின் எண்ணிக்கையை அணைவு எண் என்பார்கள். எஃப்.சி.சி.க்கு அது 12, பி.சி.சி.க்கு 8, எளிய கனச்சதுரத்துக்கு 6.

கணக்கு இப்படி வரும். எஃப்.சி.சி. கூட்டில் நான்கு குண்டுகள். ஒரு குண்டின் கன அளவு (4/3)πr³. a = 2√2 r என்பதால் கூட்டின் கன அளவு 16√2 r³. நான்கு குண்டுகளின் கன அளவை இதனால் வகுத்தால் r³ அடிபட்டுப் போய் π/(3√2) மிஞ்சும். அது 0.7405. பி.சி.சி.க்கு அதே வழியில் √3π/8, அதாவது 0.6802. எளிய கனச்சதுரத்துக்கு π/6, அதாவது 0.5236.

ஒரே அளவுள்ள உருண்டைகளை 74.05 சதவீதத்துக்கு மேல் நெருக்கி அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611இல் எழுதினார். பழக்கடையில் யாரும் பார்த்து ஒப்புக்கொள்ளும் விஷயம் என்றாலும், தாமஸ் ஹேல்ஸ் 1998இல் நிரூபணத்தை அறிவிக்கும் வரை கணிதம் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது, r³ அடிபட்டுப் போனதைத்தான். குண்டு பெரிதா சிறிதா என்பது பொதிவுத் திறனுக்குத் தெரியாது. குண்டின் எடையும் தெரியாது. அலுமினியமும் எஃப்.சி.சி.தான், தங்கமும் எஃப்.சி.சி.தான். இரண்டுக்கும் அதே 74 சதவீதம். ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், தங்கத்தின் அடர்த்தி 19.3.

ஒரு கூட்டை எடைபோடுவோம்

அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுப்பது. ஒரு கூட்டின் அடர்த்தியே முழுப் படிகத்தின் அடர்த்தி. ஏனெனில் படிகம் முழுக்க அதே கூடுதான். கூட்டின் நிறை வேண்டுமென்றால், ஒரு அணுவின் நிறையை Z ஆல் பெருக்க வேண்டும். ஒரு அணுவின் நிறை, மோலார் நிறையை (M) அவகாட்ரோ எண்ணால் (N) வகுத்தால் கிடைக்கும். மோலார் நிறை என்பது 6.022 × 10²³ அணுக்களின் மொத்த எடை, அந்த 6.022 × 10²³ தான் அவகாட்ரோ எண்.

```
அடர்த்தி = (Z × M) / (N × a³)
```

இதில் பொதிவுத் திறன் எங்கேயும் இல்லை. ஆரமும் இல்லை. அடர்த்தியைக் கணக்கிட 74 ஐயோ 68 ஐயோ தொட வேண்டிய அவசியமே இல்லை.

தங்கம்: Z = 4, M = 196.97. கூட்டின் நிறை 4 × 196.97 ஐ 6.022 × 10²³ ஆல் வகுத்தால் 1.308 × 10⁻²¹ கிராம். விளிம்பு 4.078 × 10⁻⁸ சென்டிமீட்டர். அதன் மும்மடி 6.782 × 10⁻²³ கன சென்டிமீட்டர். வகுத்தால் 19.29.

டங்ஸ்டன்: Z = 2, M = 183.84. நிறை 6.106 × 10⁻²² கிராம். விளிம்பு 3.165 × 10⁻⁸ சென்டிமீட்டர், மும்மடி 3.170 × 10⁻²³. வகுத்தால் 19.26.

எக்ஸ் கதிரால் அளந்த ஒரு நீளமும் தனிம அட்டவணையில் இருக்கும் ஒரு எண்ணும் போதும். தண்ணீரில் போட்டுப் பார்த்ததற்குப் பக்கத்திலேயே விடை வந்து நிற்கிறது.

சரி, 74ஐ 68 எப்படிப் பிடித்தது?

அடர்த்தியை இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம். குண்டு ஒன்றை மட்டும் தனியாக எடுத்து அதன் நிறையை அதன் கன அளவால் வகுங்கள். இதைக் குண்டின் சொந்த அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொதிவுத் திறனால் பெருக்கினால் உலோகத்தின் அடர்த்தி வரும்.

தங்கக் குண்டின் சொந்த அடர்த்தி 26.05. டங்ஸ்டன் குண்டின் சொந்த அடர்த்தி 28.3. டங்ஸ்டன் அணு தங்க அணுவைவிட 7 சதவீதம் எடை குறைவு. ஆனால் ஆரமும் 5 சதவீதம் குறைவு. ஆரத்தை மும்மடியாக்கும்போது அந்த 5 சதவீதம், கன அளவில் 14 சதவீதமாக வளர்ந்துவிடுகிறது. எடையில் இழந்ததைவிட உருவில் சுருங்கியது அதிகம். அதனால் டங்ஸ்டன் குண்டு ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தி கூடியது. அடுக்கும் முறையிலோ டங்ஸ்டன் தங்கத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் பின்தங்குகிறது. ஒரு பக்கம் 1.087 ஆல் பெருக்கம், இன்னொரு பக்கம் 0.919 ஆல் பெருக்கம்; இரண்டையும் பெருக்கினால் 0.999. ஒன்றையொன்று அப்படியே ஈடுகட்டிவிடுகின்றன.

இதற்குப் பின்னால் ஆழமான விதி எதையும் தேட வேண்டாம். தற்செயல் பொருத்தம்தான். அதே ஆரத்தோடு டங்ஸ்டன் எஃப்.சி.சி.யாக அடுக்கப்பட்டிருந்தால் அதன் அடர்த்தி 21ஐ ஒட்டி வந்திருக்கும். தண்ணீர்க் குவளையே கள்ளத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது அதைக் கண்டுபிடிக்கக் கட்டிக்குள் ஒலி அலையை அனுப்பிப் பார்க்கிறார்கள். டங்ஸ்டனில் ஒலி, தங்கத்தில் போவதைவிட மிக வேகமாகப் போகும்.

ஆக, அடர்த்தியைத் தீர்மானிப்பவை மூன்று: அணுவின் எடை, அணுவின் அளவு, அடுக்கும் முறை. பொதிவுத் திறன் மூன்றாவதை மட்டுமே சொல்கிறது.

தவறான விடை தானே காட்டிக்கொடுக்கும்

மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது, விடையைப் பார்த்தாலே எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தங்கத்துக்கு 67.5 என்று வந்திருந்தால் பங்கு போடாமல் 14 அணுக்களையும் எண்ணிவிட்டார்கள். 9.65 என்றால் பி.சி.சி. என்று நினைத்து Z = 2 போட்டிருக்கிறார்கள். ஆரத்தைக் கொடுத்து அடர்த்தி கேட்ட கணக்கில் 54.5 வந்தால் a = 2r என்று எழுதியிருக்கிறார்கள். தனிமங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியம் கிட்டத்தட்ட 22.6 தான். ஒரு உலோகத்துக்கு 23க்கு மேல் விடை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

10இன் அடுக்கு அபத்தமாக வந்தால் அது அலகு மாற்றத்தில் நடந்தது. பிக்கோமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற 10⁻¹⁰ ஆல் பெருக்குகிறோம். மும்மடியாக்கும்போது அதுவும் மும்மடியாகி 10⁻³⁰ ஆக வேண்டும். எண்ணை மட்டும் மும்மடியாக்கிவிட்டு 10⁻¹⁰ ஐ அப்படியே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. முதலில் 407.8 ஐ 4.078 × 10⁻⁸ சென்டிமீட்டர் என்று மாற்றி எழுதிவிட்டு, அப்புறம் மும்மடியாக்குங்கள்.

இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். அடர்த்தியும் விளிம்பு நீளமும் கொடுத்துக் கூட்டின் வகை கேட்டால் Z ஐக் கண்டுபிடிக்க வேண்டும். 3.98 என்று வந்தால் அது 4, எஃப்.சி.சி. 3.1 என்று வந்தால் எங்கோ பிழை இருக்கிறது, அதை 3 என்று எழுதிவிட்டுப் போய்விடக் கூடாது. ஒரே தனிமத்தின் கனச்சதுரக் கூட்டில் 3 அணுக்கள் வர நாம் பார்த்த மூன்று வகையிலும் இடமில்லை.

கோலிக்குண்டு எதுவரை உதவும்

இதுவரை அணுவை அளவு மாறாத கட்டிக் குண்டாக நினைத்துக்கொண்டோம். அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இரும்பு காட்டும். அறை வெப்பநிலையில் இரும்பு பி.சி.சி. 912 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் எஃப்.சி.சி.யாக மாறிக்கொள்ளும். இங்கே தனிமம் மாறவில்லை. அணுவின் எடையும் மாறவில்லை. அடுக்கும் முறை மட்டும் மாறுகிறது. ஆகவே பொதிவுத் திறனை நம்பி ஒரு கணிப்புச் சொல்லலாம்: 68 லிருந்து 74க்குப் போவதால் கன அளவு ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்க வேண்டும்.

சுருங்குவது உண்மைதான். சூடேற்ற ஏற்ற நீண்டுகொண்டே வந்த இரும்புக் கம்பி, அந்த வெப்பநிலையில் சட்டென்று உள்வாங்கும். ஆனால் கன அளவில் குறைவது சுமார் 1 சதவீதம்தான். அண்டை அணுக்கள் 8 லிருந்து 12 ஆகக் கூடும்போது ஒவ்வொரு அணுவும் அண்டையிலிருந்து சற்று விலகி நிற்கிறது. ஆரம் ஏறத்தாழ 2.5 சதவீதம் பெருக்கிறது. அடுக்கியதில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியை எடுத்துக்கொண்டால், கட்டிக் குண்டுக் கணக்கு 28 மில்லிமீட்டர் குறையும் என்று சொல்லும். கம்பி உண்மையில் குறைவது 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான்.